பச்சையாக நிற்கிற ரிக்கெற்

பின்னேரத்தில் நாங்கள் செய்கிற வேலையை வீட்டில் விளங்கப்படுத்துவது கஷ்டம். "கோல் சென்ரரோ?" எண்டு கேட்பினம். இல்லை, எங்களுக்கு ஒருவரும் போன் அடிப்பதில்லை. இங்கிலாந்தில் பல் வைத்தியக் கிளினிக்குகளுக்கு முன்பதிவு மென்பொருள் விற்கிற ஒரு கொம்பனி இருக்கிறது. அந்த மென்பொருளில் ஏதாவது பிழைத்தால் கிளினிக்கில் இருப்பவர் ஒரு மின்னஞ்சல் போடுவார். அது ஒரு இலக்கத்தோடு எங்கள் திரையில் வந்து விழும். அதுதான் ரிக்கெற். கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் நாலு பேர், விரிவுரை முடிந்த கையோடு சைக்கிளில் போய் இருந்து இரவு வரைக்கும் அந்த ரிக்கெற்றுகளுக்குப் பதில் எழுதுகிறோம்.

ஒவ்வொரு ரிக்கெற்றின் மேலும் இரண்டு மணிக்கூடுகள் ஓடும். முதலாவது, வாடிக்கையாளருக்கு முதல் பதில் போகும் வரைக்குமான நேரம். இரண்டாவது, பிரச்சினை தீரும் வரைக்குமான நேரம். இந்த இரண்டுக்கும் எவ்வளவு நேரம் என்று கொம்பனி தன் வாடிக்கையாளரோடு எழுதி ஒப்புக்கொண்டிருக்கும். எஸ்.எல்.ஏ என்று எல்லாரும் சொல்வது இந்த ஒப்பந்தத்தைத்தான். எங்களிடத்தில் அவசரமான ரிக்கெற் ஒன்றுக்கு முதல் பதில் ஒரு மணித்தியாலம், தீர்வு எட்டு மணித்தியாலம். நேரம் மிச்சம் இருந்தால் திரையில் பச்சை. முக்கால்வாசி கரைந்தால் மஞ்சள், கூடவே ஒரு எச்சரிக்கை மின்னஞ்சல். முடிந்தால் சிவப்பு. "பிறீச் ஆகிட்டுது" எண்டு சொல்லுவம்.

கேட்க நேரான விசயம் மாதிரித்தான் இருக்கும். நாங்களும் முதல் மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தோம். எட்டு மணித்தியாலம் எண்டால் எட்டு மணித்தியாலம்தானே. ஆனால் அந்த எட்டு எப்படி எண்ணப்படுகிறது என்று பார்த்தால்தான், எச்சரிக்கை ஏன் இவ்வளவு அடிக்கடி பிந்தி வருகிறது என்பது விளங்கும். யூன் மாதத்தில் வந்த ஒரு ரிக்கெற்றை எடுத்துக்கொள்வோம்.

கோடை காலத்தில் இங்கிலாந்து எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். அங்கே காலை ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரை வேலை நேரம் என்றால், எங்களுக்கு அது பிற்பகல் 1.30 இலிருந்து இரவு 9.30 வரை. இந்த நேரத்துக்குள் மட்டும்தான் மணிக்கூடு ஓடும். ஒரு வியாழக்கிழமை, எங்கள் நேரம் பின்னேரம் 6.50க்கு ஒரு கிளினிக்கிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்த நாள் வரவேண்டிய நோயாளர்களுக்குப் போகிற ஞாபகமூட்டல் எஸ்.எம்.எஸ் போகவில்லையாம்.

பக்கத்து மேசை அண்ணை 7.15க்குப் பதில் போட்டார். "எந்த நோயாளர்களுக்குப் போகவில்லை, ஒரு பட்டியல் தாங்கோ" என்று. முதற்பதில் மணிக்கூடு அதோடு நின்றுவிட்டது. (உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது என்று இயந்திரம் தானாக அனுப்புகிற பதில் இந்தக் கணக்கில் சேராது. மனிசர் எழுதினால்தான் சேரும்.) தீர்வு மணிக்கூட்டில் 25 நிமிடம் கரைந்திருந்தது. கேள்வி கேட்டு அனுப்பினால் ரிக்கெற்றை 'பென்டிங்' என்ற நிலைக்கு மாற்றுவோம். அப்போது மணிக்கூடு தூங்கும். வாடிக்கையாளர் பதில் தராத நேரத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது அதன் நியாயம். இரவு 9.00க்குப் பட்டியல் வந்தது, மணிக்கூடு எழும்பியது. 9.30க்கு அங்கே கந்தோர் பூட்டியது, திரும்பவும் தூங்கியது. 25உம் 30உம், மொத்தம் 55 நிமிடம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.30க்கு மிச்சம் 7 மணித்தியாலமும் 5 நிமிடமும். அப்படியென்றால் கெடு இரவு 8.35. முக்கால்வாசி என்பது ஆறு மணித்தியாலம். அது கரைவது பின்னேரம் 6.35க்கு.

1.30 இலிருந்து 6.35 வரைக்கும் இந்த ரிக்கெற் பச்சையாகவே நின்றது. எங்கள் பட்டியலில் புதிது மேலே, பழையது கீழே. வெள்ளிக்கிழமைகளில் புதிது கனக்க வரும். ஆகவே பச்சையாக இருந்த அது மெல்ல மெல்லக் கீழே போனது. 6.35க்கு மஞ்சளானது, மின்னஞ்சல் வந்தது, அண்ணை உடனே திறந்தார். எஸ்.எம்.எஸ் அனுப்புகிற பகுதியில் கைவைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. அது இங்கிலாந்தில் இருக்கிற டெவலப்பர்களின் வேலை. 6.40க்கு அவர்களுக்கு அனுப்பினார். அங்கே அப்போது வெள்ளி பிற்பகல் 2.10. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: இது காலையிலேயே கிடைத்திருந்தால் இன்றைக்கே பார்த்திருப்போம், இனித் திங்கட்கிழமைதான்.

8.35க்கு சிவப்பு.

எச்சரிக்கை வேலை செய்யவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி வந்தது. இரண்டு மணித்தியாலம் முன்னதாகவும் வந்தது. ஆனால் அது வந்த நேரத்தில் அதை வைத்துச் செய்யக்கூடியது ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. முக்கால்வாசி என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் எங்கள் ரீம் லீட் அக்காவிடம் கேட்டோம். "மென்பொருளைப் போடேக்க அதுதான் இருந்தது, ஒருத்தரும் மாத்தேல்ல" எண்டா.

அக்கா அடுத்த கிழமை எங்களோடு இருந்து ஒரு கணக்குப் போட்டா. கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுகிற கணக்கு. கடைசியில் வாடிக்கையாளருக்கு எழுதி, சரிவந்துவிட்டதா என்று உறுதிப்படுத்த அரை மணித்தியாலம். அதற்கு முன்னால் நாங்கள் சோதித்துப் பார்க்க அரை மணித்தியாலம். அதற்கும் முன்னால் டெவலப்பர்களின் நேரம். அது எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது, ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆகவே முந்தின மூன்று மாதங்களில் டெவலப்பர்களிடம் போன ரிக்கெற்றுகளை எடுத்தோம். அறுபது வந்தது. ஒவ்வொன்றும் போய்த் திரும்பி வர எடுத்த நேரத்தைச் சின்னதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தினோம். நடுவில் நின்றது இரண்டு மணித்தியாலம். எங்களில் ஒருத்தி, "அப்ப ரெண்டு மணித்தியாலம் எண்டு போடுவம்" எண்டா. அக்கா விடவில்லை. நடுவில் நிற்கிற எண்ணை எடுத்தால் பாதி ரிக்கெற்றுகள் அதைவிடப் பிந்தித்தான் வரும், பாதி தோற்கிற எச்சரிக்கை எதற்கு என்று கேட்டா. 48ஆவது இடத்தில் நின்ற எண்ணை எடுத்தோம், ஐந்தில் நாலு அதற்குள் வந்துவிடும். அது நாலு மணித்தியாலம்.

நாலும் அரையும் அரையும் சேர்த்தால் ஐந்து. அந்த வெள்ளிக்கிழமை ரிக்கெற்றில் இதை வைத்துப் பாருங்கள். இரவு 8.35 இலிருந்து ஐந்து மணித்தியாலம் பின்னால் போனால் பிற்பகல் 3.35. அங்கே முற்பகல் 11.05. அந்த நேரத்தில் அனுப்பியிருந்தால் டெவலப்பருக்கு அன்றைய நாளில் முக்காலும் மிச்சம் இருந்திருக்கும். எங்கள் திரையிலோ 3.35க்கு அது நல்ல பச்சை. அப்போது கரைந்திருந்தது மூன்று மணித்தியாலம்தான், பாதிகூட இல்லை.

அதனால் இப்போது ரிக்கெற்றை முதலில் திறக்கிறவர் ஒரு பெட்டியில் அடையாளம் போடவேண்டும்: இது எங்களால் முடியுமா, டெவலப்பரிடம் போகுமா. போகும் என்றால் ஐந்து மணித்தியாலம் மிச்சம் இருக்கும்போதே எச்சரிக்கை. எங்களால் முடியும் என்றால் ஒரு மணித்தியாலம் போதும், பெரும்பாலானவை இருபது நிமிட வேலை. எத்தனை வீதம் கரைந்தது என்ற கேள்வியை அக்கா எடுத்தே விட்டா.

முதற்பதில் மணிக்கூட்டில் சிக்கல் வேறு. அங்கே கெடுவே ஒரு மணித்தியாலம்தான், எச்சரிக்கை 15 நிமிடத்துக்கு முன். ஆனால் சில நாட்களில் எச்சரிக்கை வராமலே நேராகச் சிவப்பாகும். கனபேர் இதை மென்பொருளின் பைத்தியம் என்று விட்டுவிடுவார்கள். காரணம் எளியது. இப்படியான மென்பொருள்களில் நேரத்தைப் பார்த்து இயங்குகிற விதிகள் எப்போதும் விழித்துக்கொண்டு இருப்பதில்லை, இடைக்கிடை எழும்பித்தான் பார்க்கும். செண்டெஸ்க்கில் அவை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஓடும் என்று அதன் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் பாவிப்பது வேறு ஒன்று, ஆனால் பழக்கம் அதேதான். எங்களுடையது ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் கழித்து எழும்பும். 6.05க்கு ஒரு ரிக்கெற் வந்தால் கெடு 7.05. மென்பொருள் 6.10க்குப் பார்க்கும்போது 55 நிமிடம் மிச்சம், ஆகவே பேசாமல் போகும். அடுத்தது 7.10. அப்போது கெடு முடிந்து ஐந்து நிமிடம். கடைசி 15 நிமிடத்துக்குள் அது எழும்பினால்தான் எச்சரிக்கை வரும், அறுபது நிமிடத்தில் அந்தப் பதினைந்து. நாலு ரிக்கெற்றில் ஒன்றுக்குத்தான் அதிர்ஷ்டம்.

விதியை நாங்கள் மாற்ற முடியாது. பட்டியலை மாற்றலாம். புதிது மேலே என்று இருந்ததை, கெடு கிட்டியது மேலே என்று அடுக்கினோம். எச்சரிக்கை வந்தாலும் வராவிட்டாலும், மேலே நிற்பதை எடுத்துச் செய்தால் போதும். இவ்வளவு வேலையிலும் கனக்கப் பயன் தந்தது இந்த ஒரு சொடுக்கு எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். ஆனால் ரிக்கெற் மென்பொருளைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் எல்லாரும் எச்சரிக்கை மின்னஞ்சலைப் பற்றித்தான் கதைப்பினம்.

அந்த மின்னஞ்சல்களின் கதை இன்னொன்று. முன்பு அவை எங்கள் ரீம் முழுதுக்கும் போகும். ஒரு நாளில் முப்பது, நாற்பது. எல்லாருக்கும் வருகிற எச்சரிக்கை ஒருவருக்கும் வராத எச்சரிக்கை மாதிரி. பழைய ஆக்கள் சிலர் அவற்றைத் தனிக் கோப்புறைக்குப் போகும்படி விதி எழுதி வைத்திருந்தார்கள், திறப்பதே இல்லை. இப்போது ரிக்கெற்றை வைத்திருக்கிறவருக்கு மட்டும் ஒன்று போகும். அரை மணித்தியாலத்தில் நிலை மாறாவிட்டால் அக்காவுக்குப் போகும். ஒருவரும் எடுக்காத ரிக்கெற் என்றால் நேரே அக்காவுக்கு. மின்னஞ்சலின் முதல் வரியிலேயே எந்த மணிக்கூடு, எங்கள் நேரப்படி எத்தனை மணிக்குக் கெடு, இப்போது யாரிடம் நிற்கிறது என்று இருக்கும். முன்பு இங்கிலாந்து நேரம்தான் இருந்தது, ஒவ்வொருமுறையும் மனதில் கூட்டிப் பார்க்கவேண்டும்.

அந்தக் கூட்டலும் எப்போதும் நாலரை இல்லை. ஒக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று இங்கிலாந்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள், வித்தியாசம் ஐந்தரை ஆகும். அடுத்த நாள் நாங்கள் பிற்பகல் 2.30க்கு வந்து இருந்தபோது பட்டியலில் ஏழெட்டுச் சிவப்பு. வேலை தொடங்கமுன்னமே பிறீச். நாட்காட்டியை அமைத்தவர் நேரவலயத்தை `UTC+1` என்று நிலையாகப் போட்டிருந்தார். ஆகவே மென்பொருளுக்கு வேலை நாள் இன்னும் 1.30க்கே தொடங்கியது. வார இறுதியில் வந்து கிடந்த ரிக்கெற்றுகள் எல்லாம் 1.30க்கு ஓடத் தொடங்கி, நாங்கள் கதிரையில் இருக்கிற நிமிடத்தில் ஒரு மணித்தியாலத்தை முடித்துவிட்டன. `Europe/London` என்று மாற்றியதோடு சரிவந்தது. வேலை தொடங்குகிற நேரத்தில் மட்டும் சிவப்புகள் கூட்டமாக நின்றால் ஆட்களில் பிழை தேடமுன் நாட்காட்டியைப் பாருங்கள்.

ஈ. பி. தொம்சன் என்ற வரலாற்றாசிரியர் 1967இல் நேரமும் வேலை ஒழுங்கும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், எங்களில் இரண்டுபேர் அதை ஒரு ஒப்படைக்காக வாசித்தவர்கள். பழைய ஆலைகளில் முதலாளிமார் காலையில் மணிக்கூட்டை முன்னுக்கும் இரவில் பின்னுக்கும் தள்ளிவைத்ததாகத் தொழிலாளர் சொன்ன சாட்சியங்கள் அதில் வருகின்றன. எங்கள் வேலையில் மணிக்கூட்டைத் தொடக்கூடிய ஆள் மாறிவிட்டார். இங்கே அதை நிறுத்துகிற பொத்தான் தொழிலாளியின் கையில் இருக்கிறது. பென்டிங் என்கிறோமே, அதுதான்.

வந்த முதல் கிழமையே ஒரு பழைய ஆள் எங்களுக்கு வித்தையைச் சொல்லித்தந்தார். "மஞ்சள் வந்தா ஒரு கேள்வியக் கேட்டு விடு மச்சான், மணிக்கூடு நிண்டிடும்." என்ன கேள்வி என்பது முக்கியம் இல்லை. ஸ்கிரீன்ஷொட் இன்னொருக்கா அனுப்புங்கோ. எந்த பிரவுசர் பாவிக்கிறியள். பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருக்கிற மனிசி, முன்னால் வரிசை நிற்க, முதல் நாள் அனுப்பிய அதே படத்தைத் தேடி எடுத்து அனுப்புவா. அதற்குள் எங்களுக்கு மூன்று மணித்தியாலம் கிடைத்திருக்கும். மாத அறிக்கையில் அது நேரத்துக்குள் தீர்ந்த ரிக்கெற்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு பென்டிங்கும் எந்த நேரத்தில் போடப்பட்டது என்று மென்பொருள் பதிந்து வைத்திருக்கும். உண்மையான கேள்விகள் பெரும்பாலும் ரிக்கெற் வந்த தொடக்கத்திலேயே கேட்கப்படும், அந்த அண்ணை 25ஆவது நிமிடத்தில் பட்டியல் கேட்ட மாதிரி. கெடுவுக்குக் கடைசி அரை மணித்தியாலத்தில் பென்டிங்குகள் குவிந்திருந்தால் அவை கேள்விகள் இல்லை. இன்னொன்று, எங்கள் மணிக்கூட்டோடு சேர்த்து வாடிக்கையாளரின் மணிக்கூட்டையும் பார்ப்பது. அனுப்பிய நேரத்திலிருந்து தீர்ந்த நேரம் வரை, இரவு, வார இறுதி, பென்டிங் எல்லாம் உட்பட. அந்த யூன் ரிக்கெற்றில் எங்கள் கணக்கு எட்டைத் தொட்டபோது கிளினிக்கின் கணக்கு 25 மணித்தியாலமும் 45 நிமிடமும். இரண்டும் பொய் இல்லை. ஒப்பந்தம் முதலாவதைத்தான் கேட்கிறது, ஆனால் நோயாளர்கள் வராமல் கதிரை வெறுமையாக இருந்தது இரண்டாவதில்.

அந்தப் பழைய ஆளைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் இல்லை. எங்கள் இலக்கு மாதத்துக்கு 95 வீதம். ஒருவர் 120 ரிக்கெற் செய்தால் ஆறு சிவப்பு மட்டும் அனுமதி. ஏழாவதோடு அந்த மாதத்து மேலதிகக் கொடுப்பனவு போய்விடும். போர்டிங் வாடகை அதில்தான் போகிறது. பொத்தானைக் கையில் தந்து, அதை அமத்தாவிட்டால் காசு வெட்டுவோம் என்று சொன்னால் ஆக்கள் அமத்தத்தான் செய்வினம். அக்கா செய்தது சின்ன மாற்றம். பென்டிங் போடும்போது, இந்தப் பதில் இல்லாமல் ஏன் அடுத்த படி செய்ய முடியாது என்று ஒரு வரி எழுதவேண்டும். அவ்வளவுதான். எழுத வரி இல்லாத கேள்விகள் தானாகக் குறைந்தன. முற்றாக நிற்கவில்லை.

எங்களுக்கு இதைவிடவும் உறுத்துவது சிவப்பான பிறகு நடப்பது. அந்த வெள்ளிக்கிழமை 8.35 வரைக்கும் அந்த ரிக்கெற்றை எல்லாரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். 8.36க்கு ஒருவரும் பார்க்கவில்லை. ஏனென்றால் சிவப்பானது சிவப்பானதுதான், இன்றைக்குத் தீர்த்தாலும் புதன்கிழமை தீர்த்தாலும் அறிக்கையில் அதே ஒரு சிவப்பு. ஆனால் மஞ்சளில் நிற்கிற இன்னொன்றைக் காப்பாற்றலாம். கெட்டித்தனமான ஆள் மஞ்சளுக்குத்தான் ஓடுவார். மணிக்கூடு முடிந்த ரிக்கெற்றுக்கு எச்சரிக்கையும் இல்லை, அவசரமும் இல்லை. திங்கட்கிழமை டெவலப்பர்கள் திருத்தி அனுப்பிய பிறகும், அதை எடுத்துச் சோதித்துக் கிளினிக்குக்கு அறிவிக்க எங்கள் பக்கத்தில் புதன்கிழமை வரை ஆள் இருக்கவில்லை. அரை மணித்தியால வேலை.

இப்போது பட்டியல் கெடுவின்படி அடுக்கப்பட்டிருப்பதால், கெடு தாண்டியவை கழித்தல் குறியோடு எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும், எண் கூடிக்கொண்டே போகும். அறிக்கையிலும் எத்தனை சிவப்பு என்பதற்குப் பக்கத்தில், சிவப்பாகி எத்தனை மணித்தியாலம் கிடந்தது என்று இன்னொரு நிரலைச் சேர்க்கும்படி அக்கா இங்கிலாந்துக்கு எழுதியிருக்கிறா. பதில் இன்னும் வரவில்லை. இதை எழுதுகிற இன்றைக்குப் பட்டியலின் உச்சியில் −31:40 என்று ஒன்று நிற்கிறது. ஸ்கொட்லாந்தில் ஒரு கிளினிக், பணம் இரண்டுமுறை அறவிடப்படுகிறதாம். காலையில் டெவலப்பர் திருத்தம் அனுப்பியிருக்கிறார். 2.30க்குப் போனவுடன் முதலில் எடுக்கப்போவது அதைத்தான்.